இன்கிரிமென்ட் வந்தது, அரியர்ஸ் வரவில்லை: நிலுவைச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக் கேட்டு வாங்குவது எப்படி

ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் அவருக்கு முதலில் சந்தோஷம்தான். அடிப்படைச் சம்பளம் 30,000 என்று இருந்த இடத்தில் 33,000 என்று வந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உயர்வு ஆணையை எடுத்து மறுபடி படித்தார். "ஏப்ரல் 16 முதல் நடைமுறைக்கு வரும்" என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அப்படியானால் ஏப்ரலில் பாதி, மே, ஜூன், ஜூலை எங்கே? சீட்டில் அரியர்ஸ் என்ற வரியே இல்லை. என்னிடம் வந்து, "ஒருவேளை அடுத்த மாதம் தானாக வந்துவிடுமோ?" என்று கேட்டார்.

தானாக வருவது அபூர்வம். சம்பளப் பிரிவில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். புதிய அடிப்படைச் சம்பளம் பதிவாகி, அந்த மாதச் சம்பளமும் போய்விட்டால் எங்களைப் பொறுத்தவரை அந்தக் கோப்பு முடிந்த மாதிரிதான். விடுபட்டதை யாராவது கேட்டால்தான் மறுபடி திறப்போம். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, வேலை நடக்கும் விதமே அப்படி. ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான். எதை வைத்து, எவ்வளவு, எப்படிக் கேட்பது என்பதை இந்த ஊழியரின் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

## முதலில் ஆணையில் உள்ள தேதிகளைப் பிரியுங்கள்

ஒரே உயர்வுக்கு நான்கு தேதிகள் இருக்கும். உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்த நாள் ஒன்று. கடிதத்தில் போட்டிருக்கும் நாள் இன்னொன்று. உயர்வு நடைமுறைக்கு வரும் நாள் மூன்றாவது. சம்பளப் பிரிவில் அது பதிவான நாள் நான்காவது. அரியர்ஸ் என்பது மூன்றாவது தேதிக்கும் நான்காவதுக்கும் இடையே கிடக்கும் பணம். மற்ற இரண்டு தேதிகளும் கணக்கில் வராது.

நமது ஊழியருக்கு ஜூன் 5 அன்று ஒப்புதல் ஆகியிருந்தது, கடிதத்தின் தேதி ஜூன் 20, நடைமுறைக்கு வரும் நாள் ஏப்ரல் 16, பதிவானது ஆகஸ்டில். "கடிதமே ஜூனில்தானே வந்தது, ஏப்ரலுக்கு எப்படிக் கேட்பது?" என்று அவரே தயங்கினார். கடிதம் தாமதமாக வந்ததால் உரிமை குறைவதில்லை. பின்தேதியிட்டு உயர்வு தருவது முடிவெடுத்தவர்கள் அறிந்தே செய்தது. அவருக்கு ஏப்ரல் 15 அன்று இரண்டு வருடப் பணி முடிந்தது, அதனால்தான் 16ஆம் தேதி.

ஆனால் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். உரிமையையே மாற்றிவிடும் வாசகங்கள் சில உண்டு. "நோஷனலாக ஏப்ரல் 16 முதல், பணப்பலன் ஜூலை 1 முதல்" என்று இருந்தால், ஏப்ரல் முதல் உயர்ந்ததாகக் காகிதத்தில் கொள்வார்கள், கையில் பணம் ஜூலையிலிருந்துதான். இடைப்பட்ட மாதங்களுக்கு அரியர்ஸ் கிடையாது. ஆனால் அடுத்த உயர்வுக்கான நாளையும் அடிப்படையையும் ஏப்ரலிலிருந்தே எண்ண வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். "தகுதிகாண் காலம் திருப்தியாக முடிந்தால்" போன்ற நிபந்தனை இருந்தால், அது நிறைவேறியதைக் காட்டும் தாளும் கையில் வேண்டும். அப்புறம், நீண்ட சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்களுக்கு உயர்வு நாளையே தள்ளிவைக்கும் பணிவிதி சில இடங்களில் உண்டு. உங்கள் பணிவிதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நீங்கள் பார்க்காவிட்டால் அவர்கள் பார்ப்பார்கள்.

கடிதமே இல்லாமல், மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது மட்டும் இருந்தால்? அப்போது அரியர்ஸ் கேட்பது இரண்டாவது வேலை. "என் ஊதிய உயர்வு இன்ன தேதி முதல் என்று இன்ன நாள் தெரிவித்தீர்கள், அதற்கான ஆணையின் நகலைத் தர வேண்டும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவதுதான் முதல் வேலை. வரும் பதில் ஒரு வரியாக இருந்தாலும் அது ஆவணம்.

## சம்பளச் சீட்டைப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லலாம்

கேட்பதற்கு முன்பு, பணம் ஏன் விடுபட்டது என்று ஓரளவு ஊகித்துக்கொண்டால் சரியான மேஜைக்கு நேராகப் போகலாம். கடந்த ஆறு மாதச் சீட்டுகளை வரிசையாக வைத்து அடிப்படைச் சம்பள வரியை மட்டும் பாருங்கள்.

அது மாறவே இல்லையென்றால் உங்கள் ஆணை சம்பளப் பிரிவை வந்தடையவில்லை. எச்.ஆர். கோப்பில் உட்கார்ந்திருக்கும், அல்லது இடமாற்றலில் வந்தவராக இருந்தால் பழைய கிளையில் கிடக்கும். இந்த நிலையில் சம்பளப் பிரிவோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர்களிடம் காகிதமே இல்லை.

அடிப்படை மாறியிருக்கிறது, ஆனால் அரியர்ஸ் வரி இல்லை என்றால், பெரும்பாலும் பதிவு செய்தவர் நடைமுறைக்கு வரும் நாளுக்கான கட்டத்தில் பதிவு செய்த மாதத்தின் முதல் தேதியைப் போட்டிருப்பார். நமது ஊழியரின் விஷயத்தில் நடந்தது இதுதான், கட்டத்தில் ஆகஸ்ட் 1 என்று இருந்தது. சம்பள மென்பொருளுக்கு ஏப்ரல் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. தேதியைச் சரியாகப் போட்டிருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. முடித்து மூடிய மாதங்களைப் பல மென்பொருள்கள் தாமாகத் திரும்பிப் பார்க்காது, பின்தேதிக் கணக்கைத் தனியாக ஓட்டச் சொல்ல வேண்டும். நிதியாண்டு மாறிவிட்டால் அது இன்னும் சிக்கல், பழைய ஆண்டுக்கான செலவுக்குத் தனி ஒப்புதல் கேட்பார்கள்.

மாதக் கடைசியில் கையெழுத்தான ஆணை அந்த மாதச் சம்பளத்தில் ஏறாமல் அடுத்த மாதத்துக்குப் போவது சாதாரணம். ஒரு மாதத் தாமதத்தை வைத்து மனுப் போட வேண்டாம். அடுத்த சீட்டையும் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் எழுதுங்கள்.

## கணக்கு

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். உயர்வு 3,000, மாதம் மூன்றரை, ஆக 10,500 என்று மனக்கணக்குப் போட்டுக் கேட்கிறார்கள். அந்தத் தொகை எந்தக் கணக்கோடும் ஒத்துவராது. ஒத்துவராத தொகையைக் கேட்டால், கோரிக்கை தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சம்பளப் பிரிவுக்குச் சுலபம்.

மாதவாரியாக, ஒவ்வொரு சம்பள இனத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். முதலில், உயர்வால் எந்தெந்த இனம் மாறுகிறது என்று பிரியுங்கள். நமது ஊழியருக்கு அடிப்படை 30,000லிருந்து 33,000 ஆனது. வீட்டு வாடகைப் படி அடிப்படையில் 40 சதவீதம், ஆகவே 12,000 என்பது 13,200 ஆகும். பயணப்படி 3,000 என்பது நிலையான தொகை, அது மாறாது. ஆக மாத மொத்தம் 45,000லிருந்து 49,200. முழு மாத வித்தியாசம் 3,000 அல்ல, 4,200. அடிப்படையோடு கட்டப்பட்ட படிகளை மறப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. கேட்பவர்களும் மறக்கிறார்கள், கொடுப்பவர்களும் மறக்கிறார்கள்.

அடுத்து நாட்கள். ஏப்ரல் 16 முதல் 30 வரை, இரண்டு தேதிகளையும் சேர்த்து எண்ணினால் 15 நாள். 30இல் 15, ஆக 2,100. நடைமுறைக்கு வரும் நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 14 நாள் என்று கணக்குப் போட்டு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

ஜூனில் அவர் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார். பழைய சம்பளத்தில் அந்த மூன்று நாள் வெட்டு ஏற்கெனவே விழுந்திருக்கிறது. உயர்வின் பலனும் 27 நாளுக்குத்தான் கிடைக்கும். 4,200ஐ 27ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 3,780. இதை மறைத்து முழு மாதத்துக்குக் கேட்காதீர்கள். அவர்கள் கையில் வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒரு இடத்தில் பிசகினால் மற்ற வரிகளையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

மாதத்தை 30ஆல் வகுப்பதா, நாட்காட்டி நாட்களாலா, வேலை நாட்களாலா என்பது இடத்துக்கு இடம் மாறும். இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, சீட்டே சொல்லும். ஜூன் சீட்டில் விடுப்புக்காக 4,500 பிடித்திருந்தார்கள். மூன்று நாளுக்கு 4,500 என்றால் நாளுக்கு 1,500. 45,000ஐ 1,500ஆல் வகுத்தால் 30 வருகிறது. ஆக அவர்களது வகுக்கும் எண் 30. அதுவே 26 ஆக இருந்திருந்தால் மூன்று நாளுக்கு 5,192 பிடித்திருப்பார்கள். உங்களிடம் பிடிக்கும்போது எந்த எண்ணால் வகுத்தார்களோ, கொடுக்கும்போதும் அதே எண்ணைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஜூனுக்கு 31 நாள் இல்லாததால் இவருடைய சீட்டில் நாட்காட்டிக் கணக்கும் 30 கணக்கும் ஒன்றாகத்தான் தெரியும். 31 நாள் மாதத்தில் விடுப்பு எடுத்த பழைய சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக ஒளிந்திருக்கும் இனம், ஓவர்டைம். ஜூலையில் அவர் 20 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்திருந்தார். அதற்கான பணம் ஆகஸ்ட் சீட்டில்தான் வந்தது. ஆகஸ்டிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்ததால் அந்த வரியை அவர் பார்க்கவே இல்லை. அங்கே 3,750 என்று இருந்தது. 20ஆல் வகுத்தால் மணிக்கு 187.50. அந்த நிறுவனத்தின் விதி, அடிப்படையை 240 மணியால் வகுத்து ஒன்றரை மடங்கு. பழைய 30,000க்கு அது 187.50, புதிய 33,000க்கு 206.25. ஆக ஜூலை வேலை பழைய விகிதத்தில் கணக்கிடப்பட்டிருக்கிறது. மணிக்கு 18.75 வீதம் 20 மணிக்கு 375 பாக்கி. புதிய சம்பளம் வந்த மாதத்துச் சீட்டிலும் பழைய விகிதம் தங்கியிருக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த இடைக்காலத்தில் விடுப்பைப் பணமாக்கியிருந்தாலோ, அடிப்படையை வைத்துக் கணக்கிடும் போனஸ் வாங்கியிருந்தாலோ, அவற்றுக்கும் இதே சோதனைதான்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டால் இப்படி வரும்:

| மாதம் | அடிப்படை | வாடகைப் படி | ஓவர்டைம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| ஏப்ரல் (15 நாள்) | 1,500 | 600 | – | 2,100 |
| மே | 3,000 | 1,200 | – | 4,200 |
| ஜூன் (27 நாள்) | 2,700 | 1,080 | – | 3,780 |
| ஜூலை | 3,000 | 1,200 | 375 | 4,575 |
| கூட்டு | 10,200 | 4,080 | 375 | 14,655 |

எக்செல் போன்ற விரிதாளில் செய்கிறீர்கள் என்றால், B பத்தியில் பழைய தொகை, C பத்தியில் புதியது, D பத்தியில் உயர்வு பொருந்தும் சம்பள நாட்கள், E பத்தியில் வகுக்கும் எண் என்று போட்டு, F பத்தியில் இதை இடுங்கள்:

```
=ROUND((C2-B2)*D2/E2,2)
```

வகுக்கும் எண் 30 என்றால், விடுப்பில்லாத மே, ஜூலைக்கும் D பத்தியில் 30 என்றே போடுங்கள். 31 என்று போட்டால் ஒரு நாள் சம்பளம் அதிகமாக வந்துவிடும்.

## பிடித்தமும் வரியும்

14,655 என்பது மொத்தத் தொகை. கையில் வருவது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவருக்கு அடிப்படையில் 10 சதவீதம் ஓய்வுக்கால நிதிக்குப் பிடித்தம் உண்டு. அடிப்படை நிலுவை 10,200, ஆக 1,020 பிடிப்பார்கள். அதே அளவு நிறுவனமும் தன் பங்காக நிதியில் போட வேண்டும். வரிக்கு முன் கையில் வரவேண்டியது 13,635. கோரிக்கையில் எப்போதும் மொத்தத் தொகையைக் கேளுங்கள், நிதிக்கான நிறுவனப் பங்கைத் தனி வரியாக எழுதுங்கள். அந்தப் பங்கு சம்பளச் சீட்டில் தெரியாமலே போகக்கூடிய தொகை.

சம்பளம் கைக்கு வந்த ஆண்டில் வரி போடுவதுதான் பல நாடுகளில் வழக்கம். அதனால் போன வரியாண்டுக்குரிய அரியர்ஸ் இந்த ஆண்டில் மொத்தமாக வந்தால், உயர்ந்த வரி அடுக்குக்குள் நீங்கள் போய்விட வாய்ப்பு உண்டு. சில நாடுகளின் வரிச் சட்டம் இதற்கு நிவாரணம் தருகிறது. அதைக் கேட்க, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தாளை அலுவலகம் தர வேண்டும். பணம் வந்த கையோடு அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வருடம் கழித்துக் கேட்டால் தேடித் தர ஆள் இருக்காது.

## கடிதம்

நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை. ஆனால் நேரில் கேட்டதற்குத் தேதி கிடையாது. பேசிவிட்டு வந்தாலும் அன்றே எழுதி அனுப்புங்கள். எச்.ஆருக்கு முகவரியிட்டு, சம்பளப் பிரிவுக்கும் உங்கள் மேலதிகாரிக்கும் நகல் போடுங்கள். ஆணையை வெளியிட்டது எச்.ஆர்., தேதியைத் திருத்தச் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை வருடம் உழைத்தேன், மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் வேண்டாம். படிக்கிறவர் தேடுவது ஆணை எண், தேதி, தொகை, இணைப்பு. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> ஐயா / அம்மா,
>
> பொருள்: ஊதிய உயர்வு நிலுவைத் தொகை வழங்கக் கோருதல்.
>
> பார்வை: ஜூன் 20 தேதியிட்ட ஊதிய உயர்வு ஆணை.
>
> மேற்படி ஆணையின்படி என் அடிப்படைச் சம்பளம் ஏப்ரல் 16 முதல் 33,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் மாதச் சம்பளத்திலிருந்து மட்டுமே இது எனக்கு வழங்கப்பட்டுள்ளது. ஏப்ரல் 16 முதல் ஜூலை 31 வரையிலான வித்தியாசத் தொகை வழங்கப்படவில்லை.
>
> இணைப்பில் உள்ள மாதவாரிக் கணக்கின்படி வரவேண்டிய மொத்த நிலுவை 14,655. இதில் ஜூலை மாத ஓவர்டைம் வித்தியாசம் 375 அடங்கும். அடிப்படை நிலுவையான 10,200க்கு உரிய ஓய்வுக்கால நிதி நிறுவனப் பங்கையும் வரவு வைக்கக் கோருகிறேன்.
>
> சம்பளப் பதிவில் உயர்வு நடைமுறைக்கு வரும் நாளை ஏப்ரல் 16 எனத் திருத்தி, செப்டம்பர் மாதச் சம்பளத்தோடு நிலுவையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கணக்கு இதிலிருந்து மாறுபட்டால், மாதவாரிக் கணக்குத் தாளின் நகலைத் தந்து உதவவும்.
>
> இணைப்பு: ஆணை நகல், மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான சம்பளச் சீட்டுகள், மாதவாரிக் கணக்கு.

மார்ச் சீட்டையும் சேர்த்தது பழைய சம்பளம் என்ன என்று காட்டுவதற்காக. பதிவைத் திருத்தச் சொல்லும் வரி முக்கியம். பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பதிவில் ஆகஸ்ட் 1 என்றே விட்டுவைத்தால், அடுத்த உயர்வும் மூன்றரை மாதம் தள்ளிப்போகும். அப்போது மறுபடி முதலிலிருந்து இதே வேலை.

கடைசி வாக்கியத்தை நான்தான் சேர்க்கச் சொன்னேன். "உங்கள் கணக்கு தவறு" என்று மட்டும் பதில் வருவதை அது தடுக்கும். மறுக்க வேண்டுமானால் அவர்களும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

தாளாகக் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் அலுவலகப் பெட்டியிலிருந்து அனுப்பி, ஒரு நகலைச் சொந்தப் பெட்டிக்கும் எடுத்து வையுங்கள். வேலையை விட்ட அன்றே அலுவலகப் பெட்டி மூடிவிடும். சீட்டுகளுக்கும் இதே கதைதான்.

## வரும் பதில்களும் வராத பதிலும்

"நிர்வாகத்தின் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால், எதைப் பரிசீலிக்கிறார்கள் என்று கேளுங்கள். உயர்வுக்கு ஏற்கெனவே ஒப்புதல் ஆகிவிட்டது, நடைமுறைக்கு வரும் நாளும் அதே ஆணையில் இருக்கிறது. பாக்கி இருப்பது செலவு ஒப்புதல் மட்டும் என்றால், அது யாரிடம் இருக்கிறது, எந்த மாதச் சம்பளத்தில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். "நிதி இல்லை" என்பது தாமதத்துக்குக் காரணமாக இருக்கலாம், தர வேண்டியதில்லை என்பதற்கு அது காரணம் அல்ல.

"ஏப்ரல் என்பது தட்டச்சுப் பிழை" என்று சொன்னால் விஷயம் கொஞ்சம் கனமானது. அப்படியானால் ஒப்புதல் குறிப்பில் என்ன தேதி இருக்கிறது என்று பார்க்கக் கேட்க வேண்டும். அங்கேயும் ஏப்ரல் 16 என்று இருந்தால் பேச்சு முடிந்தது. உண்மையிலேயே அங்கே வேறு தேதி இருந்து, கடிதத்தில்தான் பிழை என்றால், உங்கள் கோரிக்கை பலவீனமாகிறது. அது தெரிந்த பிறகு மேலே போவதா என்று யோசித்து முடிவெடுங்கள்.

கிளை மாறியவர்களுக்கு வரும் பதில் வேறு மாதிரி. பழைய கிளை, "இப்போது சம்பளம் தருகிறவர்கள் தரட்டும்" என்று சொல்லும். புதிய கிளை, "அந்த மாதங்களில் அவர் இங்கே இல்லை" என்று சொல்லும். இரண்டு கிளைக்கும் பொதுவான மேல் அலுவலகத்துக்கு ஒரே கடிதம் எழுதி, இரண்டுக்கும் நகல் போடுவதுதான் வழி. தனித்தனியாக எழுதினால் கோப்பு பந்தாடப்படும்.

பதிலே வராவிட்டால், அடுத்த சம்பளச் சீட்டு வரும்வரை பொறுத்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அடுத்த சீட்டு வரை பதில் இல்லையென்றால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அமைப்புக்கோ தொழிற்சங்கத்துக்கோ எடுத்துப் போகலாம். அதற்கு அப்பால் தொழிலாளர் துறை, நீதிமன்றம். இந்த இடத்தில் கால வரம்பைக் கவனிக்க வேண்டும். பொதுவாகச் சம்பளக் கோரிக்கைக்கான காலம், நீங்கள் தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடாது, அந்தந்த மாதச் சம்பளம் தரப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடும். ஏப்ரலின் பாதி முதலில் காலாவதியாகும், ஜூலை கடைசியில். அலுவலகத்துக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் மட்டும் அந்தக் கடிகாரம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். ஆனால் "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று நிர்வாகம் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், பல நாடுகளின் சட்டத்தில் காலம் புதிதாகத் தொடங்கும். பரிசீலனையில் உள்ளது என்ற பதிலுக்கும், தொகையை ஒப்புக்கொண்ட பதிலுக்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான். உங்கள் நாட்டில் எத்தனை மாதம் அல்லது வருடம் என்பதைத் தொழிலாளர் துறையில் கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

சம்பளச் சீட்டையும் கணக்கையும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949இல் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 14ஆவது பிரிவு, ஊதிய நிபந்தனைகள் மாறும்போது அதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கவும், ஒவ்வொரு முறை சம்பளம் தரும்போதும் மாறக்கூடிய விவரங்களைத் தெரிவிக்கவும் ஏற்பாடு வேண்டும் என்கிறது. அதை ஏற்ற நாடுகளில் உள்நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இணையான விதியைத் தேடிப் பார்க்கலாம்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடைசிக் கணக்கு முடிக்கும்போது, "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அரியர்ஸ் அந்தக் கணக்குத் தாளில் தனி வரியாக இருந்தால் போடலாம். இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலேயே "ஏப்ரல் 16 முதல் ஜூலை 31 வரையிலான உயர்வு நிலுவை நீங்கலாக" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

## பணம் வந்த பிறகு

நமது ஊழியருக்குச் செப்டம்பர் சீட்டிலேயே அரியர்ஸ் வரி வந்துவிட்டது. ஒரே வரி, 10,200. அவருக்குப் பெரிய நிம்மதி. கேட்டதைவிடக் குறைவாக இருக்கிறதே, பிடித்தம் போக இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

பிடித்தம் போக என்றால் 13,635 வந்திருக்க வேண்டும், வரி தனி. அதோடு பிடித்தம் எப்போதும் சீட்டின் மறுபக்கத்தில், தனி வரியாகத்தான் வரும். வருமானப் பக்கத்தில் இருப்பது பிடிப்பதற்கு முந்தைய தொகை. அப்படியானால் 10,200 எங்கிருந்து வந்தது? அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். அடிப்படைப் பத்தியின் கூட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அடிப்படைக்கு மட்டும் பின்தேதிக் கணக்கை ஓட்டியிருக்கிறார்கள், வாடகைப் படிக்கும் ஓவர்டைமுக்கும் ஓட்டவில்லை. 4,080, 375, ஆக 4,455 பாக்கி. இனவாரியாகப் பத்தி பிரித்துப் போட்டதன் பலன் இங்கே தெரிந்தது. 14,655 என்று ஒற்றைத் தொகையாகக் கேட்டிருந்தால், ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இரண்டாவது கடிதம் நான்கு வரிதான். 10,200 கிடைத்ததை ஒப்புக்கொண்டு, அது அடிப்படைப் பத்தியோடு சரியாக ஒத்துப்போவதைச் சொல்லி, மற்ற இரண்டு பத்திகளையும் கேட்டார். அக்டோபரில் 4,455 வந்தது. பதிவிலும் ஏப்ரல் 16 என்று திருத்தியிருந்தார்கள். அதற்கான திரைநகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஓய்வுக்கால நிதிக் கணக்கை அவர் அப்போதும் பார்க்கவில்லை. டிசம்பரில் நான் நினைவுபடுத்தியபோதுதான் திறந்து பார்த்தார். அவரிடம் பிடித்த 1,020 ஏறியிருந்தது, நிறுவனப் பங்கு 1,020 ஏறவில்லை. மூன்றாவது கடிதத்தை அவரே எழுதினார், என்னிடம் காட்டக்கூட இல்லை.